ஐந்து பொடிகளுக்கும் ஒரே கைவண்ணம்

பருப்புப் பொடியின் படம் நீர்வண்ணத்தில் வரைந்ததுபோல் மென்மையாக இருக்கிறது. பக்கத்திலுள்ள கறிவேப்பிலைப் பொடிக்குத் தடித்த கறுப்புக் கோடு. இட்லி மிளகாய்ப் பொடியோ கேமராவில் எடுத்த போட்டோபோலப் பளபளக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. விற்பனைப் பக்கத்தில் வரிசையாக அடுக்கும்போதுதான் ஐந்து கடைகளின் சரக்குபோலத் தெரிகிறது. எழுதிக் கொடுத்தால் படம் தரும் ஏஐ கருவிகளை நம்பிப் பொருட்களுக்கு ஓவியம் தயாரிக்கும் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஒரே பாணி ஒரு பிராண்டுக்கு என்ன செய்யும் என்பதை அமுல் சிறுமியைப் பார்த்தாலே தெரியும். சில்வெஸ்டர் டகுன்ஹாவின் விளம்பர நிறுவனத்துக்காக ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ் 1966-ல் உருவாக்கிய பாத்திரம் அது. நீல முடி, புள்ளிபோட்ட உடை, தட்டையான வண்ணம். பெயரைப் படிக்கும் முன்பே யாருடைய விளம்பரம் என்று தெரிந்துவிடும். வரையும் கைகள் பின்னாளில் மாறியபோதும் பாணி கலையவில்லை, ஏனென்றால் முந்தைய படங்கள் ஓவியர்களின் கண்முன் இருந்தன. ஏஐ கருவிக்கு அந்த வசதி இல்லை. நேற்று வரைந்து கொடுத்த படம் அதற்கு நினைவில் இருக்காது. ஒவ்வொரு முறையும் தாறுமாறான புள்ளிக் கூட்டத்திலிருந்து புதிதாகத் தொடங்கி, எழுதிய சொற்களின் திசையில் அதைப் படமாக்குகிறது.

பொருளின் பெயரே பாணியையும் இழுத்து வருகிறது என்பதுதான் சிக்கலின் வேர். எந்தச் சொல் எந்த மாதிரிப் படங்களோடு சேர்ந்து கருவிக்குப் பழக்கமாகியிருக்கிறதோ, அந்தச் சாயல் கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும். பொருள் மாறினால் சாயலும் மாறும். ‘சீட்’ எனப்படும் தொடக்க எண்ணை மாற்றாமல் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் தொடக்கப் புள்ளிக் கூட்டத்தை மட்டுமே நிலைநிறுத்தும். சொற்கள் மாறியதும் படம் வேறு வழியில் போய்விடும்.

இதற்குத்தான் பாணிக்கான மாதிரிப் படம் பயன்படுகிறது. மிட்ஜர்னி என்னும் கருவியில் இந்த வசதி 2024-ன் தொடக்கத்தில் வந்தது. கட்டளையின் முடிவில் `--sref` என்று எழுதி, மாதிரிப் படத்தின் முகவரியைச் சேர்க்க வேண்டும். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு வண்ணம், ஊடகம், மேற்பரப்பு, ஒளி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளக் கருவி முயலும். முயலும் என்பதே சரியான சொல். மாதிரியில் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தால், கேட்காத படத்திலும் சொம்பு எட்டிப் பார்ப்பதுண்டு.

அதனால் மாதிரியை ஒன்றோடு நிறுத்தக் கூடாது. மூன்று படங்கள் நல்ல தொடக்கம். அவை ஒரே கையில் வரைந்தவையாகவும், வெவ்வேறு பொருட்களைக் காட்டுபவையாகவும் இருக்க வேண்டும்: ஒன்றில் காய்கறிக் கூடை, ஒன்றில் அம்மிக்கல், ஒன்றில் வீட்டு முற்றம். மூன்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது வரைந்த விதம் மட்டுமே. வண்ணத்திலும் இதே கவனம் வேண்டும். மூன்றுமே மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தால் கறிவேப்பிலைப் பொடியின் கரும்பச்சையும் பழுப்பாகிவிடும். வாங்குபவர் அதை வேறு பொடி என்று நினைப்பார்.

மாதிரிகளை எங்கிருந்து எடுப்பது? இணையத்தில் கண்ணில் பட்ட ஓர் ஓவியரின் படங்களைக் கேட்காமல் எடுத்துச் செருகுவது தவறு. அவர் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டடைந்த பாணியை ஊதியமின்றிக் கடையில் மாட்டுவதற்குச் சமம் அது. ஓர் ஓவியருக்குப் பணம் கொடுத்து மூன்று படங்கள் வரைந்து வாங்கி, எந்தப் பயன்பாட்டுக்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்வதே நேர்மையான வழி. படங்களும் கடைக்கே உரியவையாக இருக்கும். இந்தத் துறையில் சட்டம் இன்னும் நிலைபெறவில்லை. டிஸ்னியும் யுனிவர்சலும் 2025 ஜூனில் மிட்ஜர்னி மீது பதிப்புரிமை வழக்குத் தொடுத்தன.

மாதிரிப் படம் கைவண்ணத்தைத் தரும், அமைப்பைத் தராது. பொடி எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது, பின்னணி என்ன, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையெல்லாம் சொற்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டதைக் கருவி தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும், அதுவும் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விதமாக. கறிவேப்பிலைப் பொடிக்கான கட்டளை இப்படி இருக்கலாம்:

```
dark green curry leaf powder, fresh curry leaves beside it,
in a round brass bowl, gouache illustration,
thick dark brown outline, plain cream background,
soft shadow to the right, centered
--ar 1:1 --sref URL1 URL2 URL3 --sw 200 --v 7
```

முதல் வரி மட்டுமே பொடிக்குப் பொடி மாறும். பித்தளைக் கிண்ணம் முதல் கடைசி வரையுள்ளது நிலையான பகுதி. அதைத் தனியாக ஒரு கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் அப்படியே ஒட்ட வேண்டும், நினைவிலிருந்து தட்டக் கூடாது. ஒரு படத்தில் `illustration`, அடுத்ததில் `drawing`, பிறகு `painting` என்று எழுதினால் மனிதருக்கு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கருவிக்கு மூன்றும் வெவ்வேறு திசைகள். வரிசையை மாற்றினாலும் விளைவு மாறக்கூடும். `realistic` போன்ற சொல் தவறி நுழைந்தால் மாதிரிப் படத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கும்.

மாறும் வரியிலும் ஒரு நுட்பம் உண்டு. இட்லி மிளகாய்ப் பொடி என்ற பெயரை மட்டும் கொடுத்தால் கருவி இட்லியை வரைந்துவிடலாம், அல்லது வெறும் மிளகாய்த் தூளை வரையலாம். கொரகொரப்பான, செங்கல் நிறப் பருப்பு மிளகாய்த் தூள் என்று கண்ணுக்குத் தெரிவதை எழுதுவதே பாதுகாப்பு.

கட்டளையிலுள்ள `--sw` மாதிரிப் படத்துக்கு எவ்வளவு எடை என்பதைக் குறிக்கிறது. 0 முதல் 1000 வரை போகலாம், ஒன்றும் எழுதாவிட்டால் 100. மிளகாய்ப் பொடி இன்னமும் போட்டோ போலவே வந்தால் 200, 300 என்று ஏற்றிப் பார்க்கலாம். ஏற்ற ஏற்ற மாதிரியின் வடிவங்களும் பொருட்களும் கசியத் தொடங்கும். அம்மிக்கல்லின் சாயல் கிண்ணத்தில் தெரிந்தால் எண்ணைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஐந்தில் மிகவும் அடம்பிடிக்கும் பொடிக்காக எண்ணை நிர்ணயித்து, அதையே எல்லாவற்றுக்கும் வைப்பது நல்லது. படத்துக்குப் படம் எண்ணை மாற்றினால் வேற்றுமை மறுபடியும் நுழைந்துவிடும்.

சரிபார்ப்பது எளிது. ஐந்து படங்களையும் ஒரே தாளில் அடுக்கி, கைபேசியில் தெரியும் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்க வேண்டும். விலகி நிற்கும் படம் அப்போது தானாகத் தென்படும். பிறகு பெரிதாக்கிக் கோட்டின் தடிமனையும் நிழலின் பக்கத்தையும் ஒப்பிடலாம். பின்னணியின் கிரீம் நிறம் பொதுவாகப் படத்துக்குப் படம் சற்று வேறுபடும். அதைச் சொற்களால் துரத்துவது வீண் வேலை. படத் திருத்த மென்பொருளில் ஐந்துக்கும் ஒரே நிறத்தை ஊற்றிவிடலாம். லேபிளிலுள்ள தமிழ் எழுத்துக்கும் இதே விதிதான். எழுத்தைக் கருவியிடம் விட்டால் உருக்குலையும், எனவே பெயரும் முத்திரையும் கடைசியில் கையால் ஏற வேண்டும்.

ஆறு மாதம் கழித்து எள்ளுப் பொடி வந்து சேரும்போது அதே மூன்று மாதிரிப் படங்களும், நிலையான சொற்களும், `--sw` எண்ணும், கருவியின் பதிப்பு எண்ணும் கைவசம் இருக்க வேண்டும். பதிப்பு மாறினால் அதே கட்டளை வேறு சாயலில் வரும். புதிய பொடியை வரையச் சொல்வதற்கு முன், ஏற்கெனவே உள்ள பருப்புப் பொடியை ஒருமுறை புதிதாக வரவழைத்து, விற்பனைப் பக்கத்திலுள்ள படத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தினால் எள்ளுப் பொடியை வரையலாம். பொருந்தாவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும். அதுவும் முடியாத நிலையில் ஆறு படங்களையும் ஒன்றாகப் புதிதாக்குவதே வழி.