ஷூவுக்குள் வளரும் சேற்றுப்புண்

சுண்டுவிரலுக்கும் அதை ஒட்டிய விரலுக்கும் நடுவே உள்ள இடுக்கை விரித்துப் பாருங்கள். பாதத்திலேயே காற்று படாத இடம் அதுதான். காலை முதல் இரவு வரை ஷூ அணிபவர்களுக்குச் சேற்றுப்புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தோல் ஊறி வெளுத்து, ஓரம் உரிந்து நிற்கும். உரிந்த தோலை எடுத்தால் அடியில் சிவப்பாகத் தெரியும். சாயங்காலம் ஷூவைக் கழற்றியதும் அரிப்பு தாங்க முடியாது.

சேற்றில் நிற்கும் விவசாயிகளுக்கு மட்டும் வருவது என்று இதை நினைக்கிறோம். உண்மையில் தேவை சேறு அல்ல, ஈரம். ஷூவுக்குள் தேங்கும் வியர்வையே போதும். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை வகைதான் இங்கும் காரணம். தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதன் உணவு. பொதுக் குளியலறைத் தரை, இன்னொருவரின் துண்டு, ஷூ வழியாக அது நம்மிடம் வந்து சேர்கிறது.

தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ ஒரே ஜோடி, நைலான் சாக்ஸ். அரிப்பு வந்ததும் மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்குகிறார். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. நான்காம் நாள் களிம்பை மறந்துவிடுகிறார். அடுத்த மாதம் அரிப்பு திரும்ப வருகிறது. இந்த முறை இன்னும் இரண்டு இடுக்குகளில்.

இங்கே இரண்டு தவறுகள் நடந்திருக்கலாம். ஒன்று, களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருப்பது. பூஞ்சைக்கொல்லியோடு பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்றவை சேர்ந்த களிம்புகள் சீட்டு இல்லாமலே நம் ஊர்க் கடைகளில் கைமாறுகின்றன. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். கூடவே பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் அடக்கிவிடும். குணமானது போலத் தெரியும், உள்ளே பூஞ்சை பரவும். டியூபின் மேல் இந்தப் பெயர்கள் இருந்தால், மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

மற்றொன்று, பாதியில் நிறுத்தியது. க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு என்றால் தினம் இரு வேளையாக 4 வாரம் வரை பூச வேண்டியிருக்கும். டெர்பினாஃபின் 1 சதவீதம் என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். அரிப்பு நிற்பது முதலில் நடக்கும். பூஞ்சை சாவது அதற்குப் பிறகுதான். தோல் உரிந்த இடத்தோடு நிறுத்தாமல், சுற்றிலும் நல்ல தோலிலும் ஒரு விரல் அகலத்துக்குப் பூச வேண்டும்.

களிம்பை ஒழுங்காகப் பூசினாலும் ஷூ ஈரமாகவே இருந்தால் பலனில்லை. முதல் நாள் வியர்வை மறுநாள் காலைக்குள் முழுதாகக் காயாது. அதனால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்வேன். செலவுதான், ஆனால் மாதாமாதம் களிம்பு வாங்குவதும் செலவுதானே. ஓய்வில் இருக்கும் ஜோடியின் உள்தகட்டை எடுத்து, காற்றாட வைக்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் சாக்ஸை மாற்றினால் நல்லது. நைலானைவிடப் பருத்தி பரவாயில்லை, ஆனால் நனைந்த பருத்தியும் ஈரத்தைப் பிடித்தே வைக்கும். அழுக்கு சாக்ஸை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

குளித்தபின் ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்து ஒற்றி எடுங்கள். பாதத்துக்குத் தனித் துண்டு வேண்டும்; அதே துண்டால் தொடையிடுக்கைத் துடைத்தால் பூஞ்சை அங்கும் குடியேறும். இதே காரணத்துக்காக, உள்ளாடைக்கு முன்பே சாக்ஸைப் போட்டுக்கொள்ளச் சொல்வதுண்டு. பவுடர் என்றால், காய்ந்த தோலில் மெலிதாகத் தூவுங்கள். ஈர இடுக்கில் கொட்டினால் கட்டியாகிவிடும்.

4 வாரமாகியும் மாற்றம் இல்லையென்றால் அது பூஞ்சையாகவே இல்லாமல் இருக்கலாம். விரலிடுக்கில் பாக்டீரியாவாலும் இதே போல் தோல் ஊறி உரியும்; ஷூவின் ரப்பர், பசை ஒவ்வாமையாலும் அரிக்கும். தோல் மருத்துவர் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்த செதிலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டு, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை இழை தெரிகிறதா என்று பார்ப்பார். நகம் தடித்து மஞ்சளாகியிருந்தால் அதையும் காட்டுங்கள். நகத்தில் பூஞ்சை தங்கியிருந்தால், இடுக்கு ஆறினாலும் மறுபடி அங்கிருந்து பரவும்.

சர்க்கரை நோயாளிகள் 4 வாரம் காத்திருக்கக் கூடாது. இடுக்கில் விழும் சிறு வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்க் கால் முழுவதும் வீங்கலாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் அது வலிக்காமலே நடக்கும். பாதம் சிவந்து, சூடாகி, சிவப்பு மேலே ஏறினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.