கூட்டு நிழற்படமும் பின்னால் நிற்பாரும்

பள்ளி விழா முடிந்தவுடன் எடுக்கும் கூட்டு நிழற்படத்தில் முன்வரிசையில் நிற்பவர்கள் தாங்கள் படம் எடுக்கப்படுகிறோம் என்பதை அறிந்து, சட்டையைச் சரிசெய்து, தலையை வாரிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், குழாயடியில் கைகழுவும் குழந்தைக்கும், வேலியோரம் மிதிவண்டியை நிறுத்தியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அச்செய்தி தெரியாது. ஆயினும் படம் வெளியாகும்போது இருசாராரும் ஒன்றாகவே வெளியாகின்றனர். முன்பெல்லாம் அப்படம் பள்ளி அலுவலகச் சுவரில் தொங்கும், நாலைந்து படிகள் வீடுகளுக்குப் போகும், அவ்வளவுதான். இன்று பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஏறிய ஒரு மணி நேரத்தில் அது யார் கையில் இருக்கிறது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே, எடுத்த படங்களுள் எதை வெளியிடுவது என்ற தேர்வு, அழகைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடிவதில்லை.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். பிறருக்குத் தொல்லை வராதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சுப் போட்டியில் வென்ற ஒன்பது மாணாக்கர், மூன்று ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், நான் என்று பதினான்கு பேர் திடலோரம் நின்றோம். ஓர் இளம் ஆசிரியர் கைப்பேசியில் ஆறு படங்கள் எடுத்தார். அது சரியான எண்ணிக்கையே. கூட்டத்தில் ஒருவராவது கண் மூடிவிடாதிருக்க எத்தனை படம் எடுக்கவேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் ஓர் இயற்பியலாளர் கணக்கிட்டார். 2006ஆம் ஆண்டு அதற்கு நகைச்சுவை நோபெல் எனப்படும் இக் நோபெல் பரிசும் கிடைத்தது. இருபது பேருக்குட்பட்ட கூட்டமானால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் போதும் என்பது அதன் முடிவு. பதினான்கு பேருக்கு ஐந்து படம். சிரிப்பூட்டும் கணக்காயினும், நம் விஷயத்திற்கு இது பெரிதும் உதவுகிறது. ஆறு படம் இருந்தால் ஆறு வகையான பின்னணியும் நம் கையில் இருக்கின்றன அன்றோ?

இரண்டாம் படமே மிகச் சிறந்தது. எல்லோர் கண்களும் திறந்திருந்தன, கோப்பை நடுவில், தலைகளின் வரிசை இரு புறமும் இறங்கி வந்தது. ஆனால் இடப்பக்கத்தில், இரண்டாம் பையனுக்கும் மூன்றாம் பையனுக்கும் இடையில், குழாயடியில் நின்ற ஒரு சிறுமி நேராகக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு சிறுவன் சட்டையைக் கழற்றி முகம் துடைத்துக்கொண்டிருந்தான்.

அச்சிறுமியும் அவள் தாயும் எங்கள் பகுதிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வீட்டுக் கொடுமைக்கு அஞ்சி, இருக்குமிடம் தெரியக்கூடாது என்று வந்தவர்கள். இதைப் பள்ளியில் அறிந்தவர்கள் நானும் வகுப்பாசிரியையும் மட்டுமே. படத்தில் எங்கள் தலைக்கு மேல் பள்ளியின் பெயர் எழுதிய பதாகை தொங்கியது. ஒரு முகம் மட்டும் வெளியானால் அது யாரோ ஒரு குழந்தை. ஓர் ஊர்ப்பெயர் மட்டும் வெளியானால் அது யாரோ அறிந்த ஊர். இரண்டும் ஒரே சட்டத்துக்குள் சேரும்போதுதான் தேடுபவனுக்கு விடை கிடைக்கிறது. பதாகையை வெட்டிவிட்டாலும் பயனில்லை. வெளியிடுவது பள்ளியின் பக்கமாக இருக்கையில் பெயர் அங்கேயே இருக்கிறது.

“சார், அந்தப் பிள்ளை ரொம்பத் தூரத்துல இருக்கு, யாருக்கும் தெரியாது” என்றார் படம் எடுத்த ஆசிரியர். இது பலரும் கூறும் சமாதானமாகையால் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரணக் கைப்பேசியின் முதன்மை ஒளிவில்லை, படத்தை அகலவாக்கில் பிடித்தால், தூரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றே கால் முதல் ஒன்றே கால்வாசிக்குச் சற்று மேற்பட்ட அகலத்தைக் காட்டும். நாங்கள் நின்றது 5 மீட்டர் தொலைவில். குழாயடி 11 மீட்டர். குழாயடியில் சுமார் 14 மீட்டர் அகலம் படத்துக்குள் வருகிறது. படத்தின் குறுக்கே 4000 புள்ளிகள் இருந்தால், அங்கே ஒரு மீட்டருக்குச் சுமார் 286 புள்ளிகள் விழும். ஒரு குழந்தையின் முகம் 14 சென்டிமீட்டர் அகலம் எனக் கொண்டால், அதற்கு 40 புள்ளிகள். படத்தைச் சுருக்கிப் பாதிக்கும் குறைவான அளவில், 1600 புள்ளி அகலத்தில் அனுப்பினால் 16 புள்ளிகள் எஞ்சும்.

பதினாறு புள்ளியில் முன்பின் அறியாதவருக்கு அது வெறும் மங்கல். அறிந்தவருக்கோ அப்படியன்று. பழகிய முகத்தை மிகக் கரடுமுரடான படத்திலிருந்தும் மனிதர் கண்டுகொள்கின்றனர்; அதனோடு நிற்கும் வாகு, பின்னலின் நீளம், தோளில் பை தொங்கும் விதம் எல்லாம் சேர்ந்து பேசுகின்றன. நாம் அஞ்சவேண்டியவரோ முன்பின் அறியாதவர் அல்லர், நன்றாக அறிந்தவரே. ஆகையால் “எனக்குத் தெரியவில்லை” என்பது சோதனை ஆகாது. நான் செய்வது எளிது. வெளியிடப்போகும் அளவிலேயே படத்தைச் சுருக்கி, அவ்வகுப்பின் ஆசிரியையிடம் காட்டி, “பின்னால யாரு டீச்சர்?” என்று மட்டும் கேட்பேன். அன்று அவர் ஒரு நொடியில் பெயரைச் சொல்லிவிட்டார்.

அடுத்து, அப்படத்தையே திருத்திப் பயன்படுத்தலாமா என்று பார்த்தோம். ஓரத்தை வெட்டுவது முதல் வழி. குழந்தை ஓரத்தில் நின்றிருந்தால் அது போதும். முன்னிருப்பவரின் கை கால்களை மூட்டில் வெட்டாமல் தொடை நடுவிலோ மார்பளவிலோ வெட்டினால் படமும் கெடாது. ஆனால் இவள் நின்றது இரு மாணவரின் தலைகளுக்கிடையே. அவளை வெட்ட வேண்டுமானால் பரிசு வென்ற இருவரை வெட்டவேண்டும்.

முகத்தின்மேல் கறுப்புக் கட்டம் இடுவது அடுத்த வழி. மறைப்பதில் அதுவே உறுதியானது, ஆயினும் கட்டத்தைக் கண்டவர் கோப்பையைப் பார்க்கமாட்டார், “அது யார், ஏன் மறைத்தார்கள்?” என்றே கேட்பார். மறைக்கப்பட்ட ஒரே குழந்தை எல்லோருடைய பேச்சுக்கும் பொருளாகிவிடும். முகத்தைச் சுழற்றிக் கலைப்பது இன்னும் மோசம். 2007ஆம் ஆண்டு, அவ்வாறு சுழற்றிய ஒரு குற்றவாளியின் முகத்தை ஜெர்மானியக் காவல் நிபுணர்கள் திருப்பிச் சுழற்றி மீட்டனர். இன்டர்போல் அதை வெளியிட்ட சில நாட்களில் ஆள் தாய்லாந்தில் பிடிபட்டான். குற்றவாளி அகப்பட்டது நன்றே. ஆனால் நம் குழந்தைக்கு அத்திரை போதாது என்பதும் அதனால் தெரிகிறது.

பின்னணி முழுவதையும் ஒரே சீராக மங்கலாக்குவது இவற்றுள் மேலான வழி. ஒருவரையும் தனியே சுட்டாது. முன்னிருப்பவர்களும் எடுப்பாகத் தெரிவர். ஆனால் மங்கல் கனமாக இருக்கவேண்டும், பிறகு படத்தைச் சுருக்கியும் சேமிக்கவேண்டும். இலேசாக மங்கலாக்கினால் கண்ணும் மூக்கும்தான் போகும், ஆள் போகமாட்டார். தலைமுடியின் ஓரங்களில் வெட்டியொட்டியதுபோல் ஒரு விளிம்பும் விழும்; பதினான்கு தலைகளில் அது அசிங்கமாகவே இருந்தது.

திருத்திய படத்தில் இன்னொரு பொறி உண்டு. வேர்ட் போன்ற செயலியில் படத்தை ஒட்டி ஓரத்தை வெட்டினால், வெட்டிய பகுதி கண்ணுக்கு மறைகிறதேயன்றி, நாமாக நீக்கும்வரை கோப்பினுள்ளே கிடக்கிறது. கோப்பைப் பெறுபவர் ஒரு சொடுக்கில் அதை மீட்கலாம். 2023ஆம் ஆண்டு, கூகுள் பிக்சல் கைப்பேசியின் திருத்துகருவியிலும் விண்டோஸ் 11இன் திரைவெட்டுக் கருவியிலும் வெட்டிய பகுதியின் தரவு கோப்பிலேயே தங்கிவிடும் குறை கண்டுபிடிக்கப்பட்டது. அக்குறை பின்னர் நீக்கப்பட்டது. ஆயினும் அதற்கு முன் அனுப்பியவற்றைத் திரும்பப் பெற யாரால் இயலும்? மற்றொன்று: தெளிவு குறையக்கூடாதென்று நம்மவர் நாளிதழுக்குப் படத்தைப் புலனத்தில் ஆவணமாக அனுப்புவதுண்டு. அப்போது எடுத்த நேரமும், கைப்பேசியில் இடப்பதிவு திறந்திருந்தால் எடுத்த இடமும் கோப்போடு போகின்றன. பள்ளித் திடலுக்கு அதனால் பெரிய தீங்கில்லை. ஒரு மாணவர் வீட்டில் எடுத்த படமென்றால் தீங்குண்டு.

ஆகவே மற்ற ஐந்து படங்களைப் புரட்டினோம். முதலிலும் மூன்றிலும் கண் மூடியவர்கள். நான்கில் சிறுமி முதுகைக் காட்டி நின்றாள், ஆனால் சட்டையில்லாத பையன் இப்போது நேரே பார்த்தான். அவனுக்கு ஆபத்து ஒன்றுமில்லை. ஆனாலும் அரைகுறை ஆடையோடு ஊருக்குக் காட்டப்பட அவன் ஒப்பியிருப்பானா? ஐந்தாம் படத்தில் குழாயடி வெறுமையாக இருந்தது. அதிலுள்ள ஒரே குறை, சங்கத் தலைவர் எதையோ கேட்டுப் பக்கவாட்டில் திரும்பியிருந்தார். ஆறாவதில் கோப்பை ஒரு மாணவியின் முகத்தை மறைத்தது. ஐந்தாம் படமே வெளியாயிற்று.

மறுநாள் தலைவர் அழைத்தார். “என்ன சார், நல்ல படம் ஒண்ணுகூட இல்லையா? என் காதுதான் தெரியுது!” காரணத்தைச் சொல்ல என் நா எழுந்தது. சொன்னால் இரகசியம் மூன்று பேரிடம் ஆகும். “பின்னால நின்ன பிள்ளைங்க வீட்டுல நாங்க கேக்கல தலைவரே. கேக்காத பிள்ளை யாரா இருந்தாலும் போடுறதில்ல” என்றேன். அது பொய்யன்று. அதற்காகத்தான் இவ்விதியை எல்லாக் குழந்தைக்கும் பொதுவாக வைக்கவேண்டும் என்கிறேன். ஒரு குழந்தைக்காக மட்டும் விதியைக் கொணர்ந்தால், அவ்விதியே அக்குழந்தையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதிலெல்லாம் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. நம் நாட்டின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வழக்கிலோ பாதுகாப்பு நடவடிக்கையிலோ தொடர்புடைய குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை அச்செய்தியோடு சேர்த்து வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாணிகத் தொடர்புகளுக்கானது. விழாப் படத்தின் பின்னால் தற்செயலாக நிற்கும் குழந்தையை இவ்விரண்டும் நேராகத் தொடுவதில்லை. அந்தத் தீர்ப்பு நம் கையிலேயே விடப்பட்டிருக்கிறது.

எல்லாப் படத்திற்கும் ஒரே கண்டிப்பு வேண்டுமென்பதும் என் கருத்தன்று. திருவிழாக் கூட்டத்தின் நடுவே நூறு தலைகள் தெரியும் படத்தில் எவரும் தனியாகச் சுட்டப்படுவதில்லை. வேலியோரத் தொழிலாளி முதுகு காட்டி நடந்தால் படத்திற்கு அது ஓர் உயிரே. வகுப்புப் பெற்றோரின் குழுவுக்குள் அனுப்பும் படத்திற்கும் முகநூலில் இடும் படத்திற்கும் வேற்றுமை உண்டு. ஆனால் குழுவுக்குள் போனது வெளியே போகாது என்று நம்பி இரண்டாம் படத்தை அங்கே அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. அது வென்ற மாணாக்கர் ஒன்பது பேருக்கும் காகிதத்தில் அச்சாகிப் போயிற்று, குழாயடிப் பக்கம் நான் சொன்னபடி கனமாக மங்கலாக்கப்பட்டு. தலைவருக்கும் ஒரு படி கொடுத்தோம். முகம் நேராக விழுந்த படம் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

இப்போது கூட்டுப் படம் எடுக்கும் இடத்தையே மாற்றிவிட்டோம். நூலகத்தின் சன்னலில்லாத சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து, சுவருக்கு இரண்டடி முன்னால் நிற்கிறோம். பின்னால் ஆள் புக இடமில்லை. காலை பத்து மணிக்குமேல் அங்கே வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது, ஆதலால் பரிசளிப்பை முடிக்குமுன் படத்தை எடுத்துவிடுகிறோம்.