பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை

இரவு பத்தே முக்கால். மறுநாள் மாலை ஐந்து மணியோடு செமஸ்டர் கட்டணத்துக்கான கெடு முடிகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி அம்மாவின் செல்போனிலிருந்து யு.பி.ஐ. வழியாக 42,500 ரூபாய் கட்டுகிறாள். நகையை அடகு வைத்து, அன்று மதியம்தான் கணக்கில் ஏறிய பணம். பின் நம்பரைப் போட்டதும் திரையில் வட்டம் சுற்றுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. கடைசியில் கல்லூரியின் பக்கத்தில் Payment Failed என்று வருகிறது. கூடவே வங்கியின் குறுஞ்செய்தியும் வருகிறது: 42,500 ரூபாய் கழிக்கப்பட்டது.

“அம்மா, காசு போயிருச்சு. ஆனா காலேஜ்ல ஏறல.”

“ஏறலன்னா யாருகிட்டடி போச்சு?”

இது கதைதான். ஆனால் கட்டணம் கட்டும் காலத்தில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அந்தத் தாய் கேட்டதுதான் சரியான கேள்வி. பெரும்பாலான கல்லூரிகள் பணத்தை நேரடியாக வாங்குவதில்லை; நடுவில் பேமென்ட் கேட்வே என்ற நிறுவனம் இருக்கிறது. வங்கியிலிருந்து பணம் அங்கே போகும். ‘வந்துவிட்டது’ என்று அந்த நிறுவனம் கல்லூரியின் கணினிக்குச் சொன்னால்தான் ரசீது பிறக்கும். பணம் போவது ஒரு வேலை, தகவல் போவது இன்னொரு வேலை. சிக்னல் விட்டாலோ, பக்கத்தை நடுவில் மூடினாலோ, கடைசி நாள் நெரிசலில் கல்லூரியின் தளம் திணறினாலோ, பணம் போய்ச் சேர்ந்தும் தகவல் வராமல் நின்றுவிடலாம்.

“மாமாகிட்ட கேட்டு வாங்கி இன்னொரு தடவை போட்டுடவாம்மா?”

இங்கேதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். தோற்றுப்போன பரிவர்த்தனையில் கழிந்த பணம் தானாகத் திரும்பி வரும். ஆனால் முதல் பணம் உண்மையில் சேர்ந்திருந்து, இரண்டாவதும் சேர்ந்துவிட்டால், இரண்டுமே வெற்றி பெற்ற பரிவர்த்தனைகள். கூடுதல் பணத்தை வங்கி திருப்பித் தராது. கல்லூரிதான் தர வேண்டும். அதற்கு விண்ணப்பம், கையெழுத்து, வாரக்கணக்கில் காத்திருப்பு என்று இழுக்கும்.

அதனால் அவள் முதலில் பார்க்க வேண்டியது கல்லூரியின் பக்கத்தை அல்ல, பணம் அனுப்பிய செயலியின் வரலாற்றை. அங்கே Success என்று இருந்தால் பணம் கல்லூரித் தரப்புக்குப் போய்விட்டது, ரசீதுதான் பாக்கி. Pending என்றால் இன்னும் முடிவாகவில்லை. Failed என்றால் பணம் திரும்பும். அப்போது மறுபடி கட்டுவதில் தவறில்லை. நம் மாணவிக்கு Success என்றே காட்டுகிறது. அதன் கீழே 12 இலக்கத்தில் யு.டி.ஆர். எண் இருக்கிறது. அந்தத் திரையையும் குறுஞ்செய்தியையும் கல்லூரிப் பக்கத்தின் பிழைச் செய்தியையும் படம் பிடித்து, பதிவெண்ணோடு அந்த இரவே கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறாள். கெடுவுக்கு முன்பே கட்டினாள் என்பதற்கு அதுவே சாட்சி.

பதற்றத்தில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட முதல் எண்ணுக்குப் பேசுவது. மோசடிக்காரர்கள் அங்கே போலி எண்களைப் போட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள். ‘பணம் திரும்பி வர பின் நம்பரைப் போடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அந்த நொடியே இணைப்பைத் துண்டியுங்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

மறுநாள் காலை அவள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் நிற்கிறாள். ஊழியர் யு.டி.ஆர். எண்ணை வாங்கி, கேட்வேயின் கணக்கில் தேடுகிறார். பணம் இருக்கிறது. பதினொரு மணிக்குள் ரசீது கைக்கு வந்துவிடுகிறது.

எல்லோருக்கும் இப்படி முடியாது. கல்லூரிக்குத் தகவல் போகாமல் பணம் மட்டும் கழிந்திருந்தால், கழிந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, நாம் கேட்காமலேயே தரப்பட வேண்டும். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

ஆனால் கெடு 5 நாள் காத்திருக்காது. அடகு வைத்த பணம் நடுவழியில் நிற்கும்போது, அதே தொகையை இன்னொரு முறை புரட்ட எத்தனை வீடுகளால் முடியும்? பணம் கழிந்ததற்கான சான்றோடு வரும் மாணவர்களுக்கு, அந்த 5 நாள் முடியும்வரை அபராதம் போடாதீர்கள், ஹால் டிக்கெட்டை நிறுத்தாதீர்கள் என்று கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.