விற்பனை 10% கூடினால் லாபம் 40% கூடுமா? ஒரு நூற்பாலையின் கணக்கை வைத்து எளிய விளக்கம்

காலாண்டு முடிவுகள் வரும்போது ஒரு விஷயம் பலரையும் குழப்பும். ஒரு நிறுவனத்தின் விற்பனை 10 சதவீதம்தான் கூடியிருக்கும், ஆனா லாபம் 40 சதவீதம் எகிறியிருக்கும். அடுத்த காலாண்டில் விற்பனை கொஞ்சம் சறுக்கினால், லாபம் பாதியாகக் குறைந்து நிற்கும்.

இதில் எந்த மாயமும் இல்லை. நிறுவனத்தின் செலவுகள் எப்படி அமைந்திருக்கின்றன, எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறது என்ற இரண்டு விஷயங்கள்தான் காரணம். முதலாவதை ஆப்பரேட்டிங் லெவரேஜ் என்றும், இரண்டாவதை ஃபைனான்ஷியல் லெவரேஜ் என்றும் சொல்கிறார்கள். லெவரேஜ் என்றால் நெம்புகோல். ஒரு முனையில் லேசாக அழுத்தினால் மறுமுனையில் பெரிய எடை நகரும், இல்லையா? அதே கதைதான் இங்கேயும்.

செலவு இரண்டு வகை

திண்டுக்கல் பக்கத்தில் நடுத்தர அளவில் ஒரு நூற்பாலை இயங்குவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஆகும் செலவுகளை இரண்டாகப் பிரிக்கலாம்.

பஞ்சு, பேக்கிங், விற்பனைக் கமிஷன் எல்லாம் மாறும் செலவு. நூல் அதிகமாக ஓட்டினால் இவை கூடும், குறைவாக ஓட்டினால் குறையும். கட்டட வாடகை, நிரந்தர ஊழியர் சம்பளம், இயந்திரத் தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் நிலையான செலவு. ஆலை முழுவேகத்தில் ஓடினாலும், பாதி நேரம் நின்றாலும் இவை மாறாது.

சில செலவுகள் இரண்டிலும் கால் வைக்கும். மின்கட்டணம் அப்படித்தான். உயரழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் ஆலைக்கு டிமாண்ட் கட்டணம் தனி, யூனிட் கட்டணம் தனி. யூனிட் கட்டணம் உற்பத்தியோடு சேர்ந்து ஏறி இறங்கும். டிமாண்ட் கட்டணம் அப்படி இறங்காது, ஓட்டம் குறைந்த மாதத்திலும் பெரும்பகுதி கட்டியே ஆகணும். ஒரே பில்லில் இருந்தாலும் கணக்கில் இரண்டையும் பிரித்துத்தான் எழுத வேண்டும்.

வருமான அறிக்கை என்ன சொல்லுது?

கணக்குப் பார்ப்பதற்காக, அந்த ஆலையின் ஓராண்டு வருமான அறிக்கை இப்படி இருப்பதாகக் கொள்வோம். தொகை எல்லாம் லட்ச ரூபாயில். பங்குகளின் எண்ணிக்கை 10 லட்சம். வரி 25 சதவீதம்.

| விவரம் | இப்போது | விற்பனை 10% கூடினால் | விற்பனை 10% குறைந்தால் |
|---|---|---|---|
| விற்பனை | 1,000 | 1,100 | 900 |
| மாறும் செலவு | 600 | 660 | 540 |
| காண்ட்ரிபியூஷன் | 400 | 440 | 360 |
| நிலையான செலவு | 240 | 240 | 240 |
| இயக்க லாபம் | 160 | 200 | 120 |
| வட்டி | 60 | 60 | 60 |
| வரிக்கு முந்தைய லாபம் | 100 | 140 | 60 |
| வரி | 25 | 35 | 15 |
| நிகர லாபம் | 75 | 105 | 45 |
| ஒரு பங்குக்கான லாபம் (ரூபாய்) | 7.50 | 10.50 | 4.50 |

விற்பனையில் மாறும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது காண்ட்ரிபியூஷன். அதில் நிலையான செலவைக் கழித்தால் வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் கிடைக்கும். அதைத்தான் இங்கே இயக்க லாபம் என்று சொல்கிறோம்.

முதல் நெம்புகோல்: 2.5 மடங்கு

ஆப்பரேட்டிங் லெவரேஜ் அளவைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வகுத்தல் போதும்.

காண்ட்ரிபியூஷன் ÷ இயக்க லாபம் = 400 ÷ 160 = 2.5

விற்பனை 1 சதவீதம் கூடினால் இயக்க லாபம் 2.5 சதவீதம் கூடும் என்பது இதன் அர்த்தம். அப்படியானால் 10 சதவீதத்துக்கு 25 சதவீதம் கூட வேண்டும். அட்டவணையில் இயக்க லாபம் 160ல் இருந்து 200 ஆகியிருக்கிறது. 40 லட்சம் கூடுதல், அதாவது சரியாக 25 சதவீதம்.

காரணம் எளிது. கூடுதலாக விற்ற 100 லட்சத்தில் 60 லட்சம் பஞ்சுக்கும் மற்ற மாறும் செலவுக்கும் போய்விடும். மீதி 40 லட்சத்தில் வாடகைக்கோ சம்பளத்துக்கோ எதுவும் எடுக்க வேண்டியதில்லை. அதெல்லாம் ஏற்கெனவே பழைய விற்பனையிலேயே கட்டி முடித்தாச்சு. முழு 40 லட்சமும் லாபத்தில் போய்ச் சேருது.

இரண்டாவது நெம்புகோல்: 1.6 மடங்கு

அடுத்தது வங்கிக் கடன். ஃபைனான்ஷியல் லெவரேஜ் அளவுக்கும் இதே மாதிரி ஒரு வகுத்தல்தான்.

இயக்க லாபம் ÷ வரிக்கு முந்தைய லாபம் = 160 ÷ 100 = 1.6

லாபம் எவ்வளவு வந்தாலும் வங்கிக்குப் போவது அதே 60 லட்சம்தான். அதனால் இயக்க லாபம் 25 சதவீதம் கூடும்போது, பங்குதாரருக்கு வரும் லாபம் 25 × 1.6 = 40 சதவீதம் கூடுது. ஒரு பங்குக்கான லாபம் 7.50 ரூபாயில் இருந்து 10.50 ரூபாய் ஆவது இப்படித்தான். வரி விகிதம் மாறாத வரை, வரி இந்தச் சதவீதத்தை மாற்றாது.

இரண்டையும் பெருக்கினால் மொத்த லெவரேஜ் கிடைக்கும்: 2.5 × 1.6 = 4. விற்பனையில் 1 சதவீத மாற்றம் வந்தால் பங்குதாரர் லாபத்தில் 4 சதவீத மாற்றம்.

சறுக்கினால் என்ன ஆகும்?

நெம்புகோல் இரண்டு பக்கமும் வேலை செய்யும். விற்பனை 10 சதவீதம் குறைந்தால் ஒரு பங்குக்கான லாபம் 7.50ல் இருந்து 4.50 ரூபாய்க்கு இறங்கிவிடும். அதே 40 சதவீதம், இந்த முறை கீழ்நோக்கி.

இதிலிருந்து இன்னொரு பயனுள்ள எண்ணையும் எடுக்கலாம். 100ஐ மொத்த லெவரேஜால் வகுத்தால், விற்பனை எத்தனை சதவீதம் விழுந்தால் லாபம் பூஜ்ஜியம் ஆகும் என்பது தெரிந்துவிடும். இந்த ஆலைக்கு 100 ÷ 4 = 25 சதவீதம். சரிபார்த்துக் கொள்ளலாம்: விற்பனை 750 லட்சம் என்றால் காண்ட்ரிபியூஷன் 300, நிலையான செலவு போக 60, வட்டி போக பூஜ்ஜியம்.

இந்த நிலையில் உரிமையாளர் இன்னும் 3 கோடி ரூபாய் கடன் வாங்குகிறார், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தால் விற்பனை உடனே கூடவில்லை என்றால், வட்டி 60ல் இருந்து 90 லட்சம் ஆகும், வரிக்கு முந்தைய லாபம் 70 லட்சமாகக் குறையும். ஃபைனான்ஷியல் லெவரேஜ் 160 ÷ 70, அதாவது கிட்டத்தட்ட 2.29. மொத்த லெவரேஜ் 5.71. இப்போது விற்பனை 17.5 சதவீதம் விழுந்தாலே லாபம் காலி. முன்பு 25 சதவீத அடியைத் தாங்கிய ஆலைக்கு இப்போது அந்தத் தெம்பு இல்லை.

நிலையான செலவு அதிகம் உள்ள தொழிலில் கடனையும் ஏற்றிக்கொண்டே போவது ஏன் ஆபத்து என்பது இங்கே புரியும். ஒரு நெம்புகோல் ஏற்கெனவே நீளமாக இருந்தால், இன்னொன்றைக் குட்டையாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கணக்கு எங்கே தப்பும்?

விற்பனை ஏன் கூடியது என்று கேட்காமல் இந்த எண்ணைப் பயன்படுத்தினால் கணக்கு தவறிவிடும். 2.5 என்ற எண், அதே விலையில் அதிக கிலோ நூல் விற்றால் மட்டுமே சரியாக வரும்.

கிலோ கூடாமல் நூல் விலை மட்டும் 10 சதவீதம் ஏறியது என்றால்? விற்பனை 1,100 லட்சம், ஆனால் மாறும் செலவு அதே 600. இயக்க லாபம் 260 லட்சம் ஆகிவிடும். 25 சதவீதம் இல்லை, 62.5 சதவீத உயர்வு.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். 2022 மே மாதத்தில் ஒரு கண்டி பஞ்சு விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கலாம். கண்டி என்பது சுமார் 356 கிலோ. இப்படிப் பஞ்சு விலை ஏறுவதாலேயே நூல் விலையும் ஏறினால், விற்பனை 1,100 ஆகும்போது மாறும் செலவும் 700 ஆகலாம். காண்ட்ரிபியூஷன் அதே 400, இயக்க லாபம் அதே 160. அறிக்கையில் விற்பனை 10 சதவீதம் வளர்ந்திருக்கும், லாபமோ ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது.

அடுத்து, இந்த அளவு நிரந்தரமானதும் இல்லை. விற்பனை 1,100 லட்சம் ஆன பிறகு மறுபடி கணக்குப் போட்டால் ஆப்பரேட்டிங் லெவரேஜ் 440 ÷ 200 = 2.2. ஃபைனான்ஷியல் லெவரேஜ் 200 ÷ 140, அதாவது சுமார் 1.43. மொத்தம் 3.14. அடுத்த 10 சதவீத உயர்வுக்கு லாபம் 40 இல்லை, சுமார் 31 சதவீதம்தான் கூடும். பழைய 4 மடங்கையே வருடாவருடம் பெருக்கிப் பங்கு விலையைக் கணிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

நிலையான செலவும் ஓர் எல்லை வரைக்கும்தான் நிலையானது. ஆலை ஏற்கெனவே முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தால், கூடுதல் 10 சதவீத நூலுக்குப் புது இயந்திரம் வாங்கணும். அப்போது 240 என்ற எண்ணே மாறிவிடும், கணக்கை முதலில் இருந்து போட வேண்டியிருக்கும்.

நிஜ அறிக்கையில் எப்படிப் பார்ப்பது?

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் அறிக்கையில் மாறும் செலவு, நிலையான செலவு என்று தனித்தனியாக இருக்காது. மூலப்பொருள் செலவு, ஊழியர் செலவு, நிதிச் செலவு, தேய்மானம், இதர செலவுகள் என்றுதான் இருக்கும். மூலப்பொருளை மாறும் செலவாகவும், தேய்மானத்தை நிலையானதாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஊழியர் செலவில் பெரும்பகுதி நிலையானது. இதர செலவுகளுக்கு மட்டும் பின்னால் உள்ள குறிப்புகளைத் திறந்து, மின்சாரம், சரக்குக் கட்டணம், பழுதுபார்ப்பு என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கணும். அப்படியும் கிடைப்பது தோராயமான கணக்குதான்.

ஃபைனான்ஷியல் லெவரேஜுக்கு இந்தச் சிரமம் இல்லை. வரிக்கு முந்தைய லாபமும் நிதிச் செலவும் அறிக்கையிலேயே இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் இயக்க லாபம் வந்துவிடும். ஆனால், அதற்கு முன் 'இதர வருமானம்' என்ற வரியைக் கவனிக்க வேண்டும். நிலம் விற்ற பணமோ டெபாசிட் வட்டியோ அதில் இருந்தால், அதைக் கழித்துவிட்டே கணக்குப் போட வேண்டும். நூல் விற்பனை கூடினால் அந்த வருமானம் கூடப் போவதில்லை.