கலந்துகொள்ளாத போட்டியில் பரிசா? பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்

ஜெஞ்சாரோம்: ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவரின் கைப்பேசிக்கு மாலை நேரத்தில் மலாய் மொழியில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "தஹ்னியா! உங்கள் சிம் கார்டு எண் இரண்டாம் பரிசாக 12,000 ரிங்கிட் ரொக்கத்தை வென்றுள்ளது. உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்கிறது அது. அனுப்பியவர் பெயராக பெட்ரோனாஸ் என்று போட்டிருக்கிறது. அவர் எந்தப் போட்டிக்கும் பாரம் எழுதிப் போட்டதில்லை. ஆனாலும் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. வீட்டுக்குக் கூரை மாற்றலாம், பேத்தியின் படிப்புக்குக் கட்டலாம்.

மலேசியாவில் பெட்ரோனாஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் பெயரை வைத்துப் பல ஆண்டுகளாகச் சுற்றிவந்த மோசடி இது. நிறுவனங்களுக்கும் இந்தச் செய்திகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த எண்ணை அழைத்தால் என்ன நடக்கும் என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், பரிசு என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று விளங்கிவிடும்.

அழைத்தவுடன் மரியாதையாக ஒருவர் பேசுவார். வாழ்த்துச் சொல்வார். பிறகு, எந்த வங்கியில் கணக்கு, அதில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார். பரிசைப் போட கணக்கில் குறைந்தபட்சத் தொகை இருக்க வேண்டும் என்று அதற்குக் காரணமும் சொல்வார். எவ்வளவு எடுக்க முடியும் என்று அவர் அளந்து பார்ப்பது அப்போதுதான்.

அடுத்து, ஏடிஎம் கார்டோடு உடனே கிளம்பச் சொல்வார். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. வீட்டில் பிள்ளைகளோ வங்கிக் காவலாளியோ ஒரு கேள்வி கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். மாலையில் அனுப்புவதற்கும் காரணம் உண்டு. அந்நேரம் வங்கி முகப்பு மூடியிருக்கும், இயந்திரம் மட்டும் திறந்திருக்கும்.

நம் தொழிலாளியின் கணக்கில் 6,215 ரிங்கிட் இருக்கிறது. தொலைபேசியில் இருப்பவர், திரையில் "பிண்டாஹான் வாங்" என்பதை அழுத்தச் சொல்கிறார். அதன் பொருளே பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதுதான். பிறகு "பரிசுப் பதிவு எண்" என்று ஒரு நீண்ட எண்ணைத் தட்டச் சொல்கிறார். அது வேறொருவருடைய வங்கிக் கணக்கு எண். கடைசியாக "பாதுகாப்புக் குறியீடு" என்று 480000 என்ற எண்ணைத் தருகிறார். கடைசி இரண்டு இலக்கங்களை இயந்திரம் சென் என்று எடுத்துக்கொள்வதால், அது 4,800 ரிங்கிட். உறுதி செய்யும் பொத்தானை அழுத்தியதும் பணம் போய்விட்டது. தன் கையாலேயே அனுப்பினோம் என்பது அவருக்கு அப்போது தெரியாது. துண்டுச் சீட்டில் 4,800 என்று பார்த்துத் திடுக்கிட்டால், "அது வைப்புத்தொகை, பரிசோடு சேர்ந்து திரும்பி வரும்" என்று பதில் வரும்.

இதே மோசடிக்கு வேறு வடிவங்களும் உண்டு. சிலர், இணைய வங்கிச் சேவையை மோசடிக்காரரின் கைப்பேசி எண்ணில் பதிய வைத்துவிடுவார்கள். அதன் பிறகு வரும் ரகசிய எண்கள் எல்லாம் அவருக்கே போகும். சிலர் ஏடிஎம் பக்கமே அழைப்பதில்லை. வரி, முத்திரைக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் என்று சிறுகச் சிறுகக் கறப்பார்கள். முதலில் 300, பிறகு 800. கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்தில்தான் பலர் மூன்றாவது முறையும் கட்டுகிறார்கள்.

பரிசு ஏன் பெரும்பாலும் இரண்டாம் பரிசு? முதல் பரிசு என்றால் சந்தேகம் வரும். இரண்டாம் பரிசு நம்பும்படி இருக்கும். மலேசிய அஞ்சல் முத்திரையோடு ஆஸ்திரேலிய வீடுகளுக்கு ஒரு காலத்தில் உறைகள் போயின. உள்ளே பளபளப்பான சுற்றுலா விளம்பரத்தோடு இரண்டு சுரண்டல் சீட்டுகள் இருக்கும். ஒன்றில் எதுவும் விழாது, மற்றதில் இரண்டாம் பரிசு விழும். எல்லா வீட்டிலும் அப்படியே விழும். வாங்கிக்கொள்ள முன்பணம் கட்ட வேண்டும். இப்படிப்பட்ட உறைகளைப் பற்றி அந்நாட்டு அதிகாரிகள் மக்களை எச்சரிக்க வேண்டி வந்தது.

உண்மையான குலுக்கலில் பரிசுக்கு முன்னால் ஏதாவது ஒன்று இருக்கும். 4டி எண் எடுத்தால் கையில் சீட்டு இருக்கும். சீட்டு இல்லாதவரைத் தேடிக் கடைக்காரர் அழைப்பதில்லை. வென்றவர் யார் என்பதே சீட்டைக் கொண்டுபோய் நீட்டும்போதுதான் அவருக்குத் தெரியும். பேரங்காடிப் போட்டி என்றால் ரசீதும் பாரமும் இருக்கும். சீட்டும் இல்லை, பாரமும் இல்லை என்றால் பரிசு எதிலிருந்து விழுந்தது?

"பெரும்பாலும்" மோசடி என்று சொல்வதற்குக் காரணம், ஒரு சிறு விதிவிலக்கு இருப்பதுதான். பிஎஸ்என் வங்கியின் எஸ்எஸ்பி சேமிப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் தனியாகப் பாரம் எழுதாமலே குலுக்கலில் சேர்க்கப்படுகிறார்கள். எப்போதோ பெற்றோர் வாங்கி வைத்ததை மறந்தவர்களும் இருக்கலாம். ஆனால் அங்கேயும் சேமிப்பு என்ற ஒன்று முன்னால் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேட்கலாம். பரிசுக்காக யாரும் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். வேறுபாடு அதுதான்: உண்மையான பரிசில் பணம் உங்களை நோக்கி வரும், மோசடியில் உங்களிடமிருந்து போகும்.

பணம் அனுப்பச் சொல்லும் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் semakmule.rmp.gov.my பக்கத்தில் சோதிக்கலாம். ஏற்கனவே புகார் வந்த எண் என்றால் அது காட்டிவிடும். எதுவும் காட்டவில்லை என்பதற்காக நம்பிவிடக் கூடாது. புதிதாகத் திறந்த கணக்கின் மீது இன்னும் யாரும் புகார் செய்திருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கு, சில நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டுத் தன் ஏடிஎம் கார்டை இன்னொருவரிடம் கொடுத்த ஓர் இளைஞருடையதாகவும் இருக்கலாம். போலீஸ் முதலில் தேடி வருவது அவரைத்தான்.

பணம் போய்விட்டால் நேரத்தை விடக் கூடாது. முதல் கணக்கில் விழுந்த பணம் இரண்டு, மூன்று கணக்குகளுக்கு மாறி வெளியே எடுக்கப்பட்டுவிடும். அதற்குள் தடுக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997. அதற்கோ உங்கள் வங்கிக்கோ உடனே அழைத்துவிட்டு, பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். குறுஞ்செய்தியையும் துண்டுச் சீட்டையும் அழிக்காமல் கொண்டுபோங்கள்.

பலர் அழைப்பதில்லை. பிள்ளைகள் திட்டுவார்களே என்று இரண்டு மூன்று நாள் மறைத்து வைக்கிறார்கள். அந்த இரண்டு மூன்று நாள்தான் மோசடிக்காரருக்குத் தேவை. வீட்டில் பெரியவர் "எனக்குப் பரிசு விழுந்திருக்கிறதாம்" என்று சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள். பணம் அனுப்புவதற்கு முன் அவர் உங்களிடம் சொல்லிவிட்டார் என்றால், 4,800 ரிங்கிட் அவர் கணக்கிலேயே இருக்கும்.