ரசத்தைக் கொதிக்க விடணுமா, கூடாதா?

சமையல் வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னணியில் புல்லாங்குழல், கூடவே தபேலா. "நுரை கட்டினதும் இறக்கிடுங்க, ரசத்தைக் கொதிக்க விடாதீங்க" என்கிறார் பேசுபவர். எடிட் செய்தவர் ஹெட்போனில் கேட்டபோது எல்லாம் தெளிவாக இருந்தது. அதையே அடுப்படியில் செல்போனைச் சாய்த்து வைத்துக் கேட்கும்போது, "கொதிக்க வி..." வரைக்கும்தான் காதில் விழுகிறது. கடைசிச் சொல் குழலோசைக்குள் போய்விட்டது. ரசமும் கொதித்துவிட்டது.

செல்போன் ஸ்பீக்கர் மிகச் சிறியது. சுமார் 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகளை அதனால் சரிவரத் தர முடியாது. தபேலாவின் 'தும்' அதில் ஏறக்குறைய காணாமல் போய்விடும், மிஞ்சுவது புல்லாங்குழல்தான். பேச்சில் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுட்பமான ஒலிகள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கின்றன. குழலின் மேல் ஸ்வரங்களும் மூச்சுச் சத்தமும் அங்கேதான் உலவும். ஒரே பகுதியில் இரண்டு ஒலிகள் மோதினால், பலமானது மெலிந்ததை மறைத்துவிடும். ஹெட்போனில் இசை இரு பக்கமும் விரிந்து, குரல் நடுவில் நிற்பதால் காது இரண்டையும் பிரித்துக்கொள்ளும். செல்போனிலோ எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்திலிருந்து வருகிறது.

இசையைக் குறைத்தால் போச்சு என்று தோன்றும். குறைக்கத்தான் வேண்டும், ஆனால் எதற்கு எதிராக அளந்து குறைப்பது? மூச்சு தீரத் தீர நம் குரல் இறங்கும். வாக்கியத்தின் முதல் சொல்லுக்கும் கடைசிச் சொல்லுக்கும் எட்டு, பத்து டெசிபல் வித்தியாசம் வருவது சாதாரணம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது, 'செய்' என்பதா 'செய்யாதே' என்பதா என்ற முடிவும் அங்கேதான் இருக்கிறது. நம் வீடியோவில் குரலின் சராசரியைவிட இசை 8 டெசிபல் கீழே இருந்தது. 'ரசத்தை' என்ற சொல்லுக்கு அது போதும். 'விடாதீங்க' வரும்போது குரல் இறங்கி இசையோடு சமமாகிவிட்டது.

ஆகவே முதலில் கை வைக்க வேண்டியது குரலில்தான், இசை அப்புறம். எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் கம்ப்ரஸரைக் குரல் டிராக்கில் போட்டு, 3:1 அளவில், உரத்த இடங்கள் நாலைந்து டெசிபல் இறங்கும்படி வைத்துவிட்டு மொத்த ஒலியையும் அதே அளவு ஏற்றினால், வாக்கியத்தின் வால் மேலே வரும். அதன் பிறகும் அமுங்கிக் கிடக்கும் சொற்களைத் தனியாக வெட்டி, கையாலேயே இரண்டு மூன்று டெசிபல் ஏற்றலாம். அலுப்பான வேலைதான், ஆனால் இதற்கு ஈடான குறுக்குவழி கிடையாது.

பிறகு இசை டிராக்கில் ஈக்வலைசரைத் திறந்து 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை 4 டெசிபல் போலக் குறைக்க வேண்டும். குழல் கொஞ்சம் மங்கும், கேட்பவர் பெரிதாகக் கவனிக்க மாட்டார். அடுத்தது 'டக்கிங்': குரல் வரும்போது இசை தானாகத் தணிந்து, நின்றதும் ஏறும் ஏற்பாடு. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் Auto Duck என்ற பெயரில் இது இருக்கிறது. இசை டிராக்கைத் தேர்வு செய்து, குரல் டிராக்கை அதற்கு நேர் கீழே வைக்க வேண்டும். தணிந்த இசை உடனே துள்ளி எழுந்தால், ஒவ்வொரு சின்ன இடைவெளியிலும் இசை மூச்சு வாங்குவதுபோல் கேட்கும், அது பெரிய எரிச்சல். ஒரு விநாடியாவது பொறுத்து ஏறும்படி வைப்பது நல்லது.

பேசும் நேரத்தில் எவ்வளவு இடைவெளி வேண்டும்? இணைய உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று வகுக்கப்பட்ட WCAG நெறிமுறைகளின் மிகக் கடுமையான நிலை, பேச்சு முதன்மையான ஒலிப்பதிவுகளில் பின்னணி ஒலி 20 டெசிபலாவது கீழே இருக்கச் சொல்கிறது. செல்போனை நினைத்துச் செய்பவர்களுக்கு அது நல்ல இலக்கு. பாட்டு வரிகள் உள்ள இசை என்றால் 20-கூடப் போதாமல் போகலாம். தமிழ்ப் பேச்சுக்குப் பின்னால் தமிழ்ப் பாட்டு ஓடினால் மனம் இரண்டையும் கேட்கப் பார்க்கும். அந்த இடத்தில் பாட்டையே எடுத்துவிடுவேன்.

சோதிப்பதற்கு எடிட் செய்தவரின் காது உதவாது. அவருக்கு வசனம் மனப்பாடம், கேட்காத சொல்லையும் கேட்டதாகவே நினைப்பார். வீடியோவை முன்பே பார்க்காத ஒருவரிடம் செல்போனைக் கொடுத்து, ஒலியைப் பாதியில் வைத்து, பக்கத்தில் மின்விசிறியோ குழாயோ ஓடும்போது கேட்கச் சொல்லி, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் திருத்தினால் போதும். அப்படித் திருத்துவதற்குக் குரலும் இசையும் தனித்தனி டிராக்காக இருக்கும் கோப்பு கையில் வேண்டும். ஒன்றாகக் கலந்து வெளியிட்ட வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் சரிவரச் செய்வது கடினம்.