அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இல்லாத வேலைகள்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனம். அங்கே கவிதா என்பவர் கணக்கு உதவியாளர் என்று வைத்துக்கொள்வோம். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அவருக்கு எழுதியிருந்த வேலைகள் மூன்று: பில்களை டேலியில் ஏற்றுவது, பெட்டி கேஷ் பார்ப்பது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது. போன ஜூலையில் சீனியர் அக்கவுண்டன்ட் வேலையை விட்டுப் போனார். “வேற ஆள் எடுக்கிற வரைக்கும் நீ பார்த்துக்கம்மா” என்றார் மேலாளர். இப்போது ஜனவரி. ஆள் வரவில்லை.

பதவி உயர்வு பற்றிப் பேச நேரம் கேட்கலாம் என்று கவிதா ஒரு பட்டியல் எழுதினார். பதினான்கு வரிகள். இரவு எட்டு மணி வரை இருந்தது, ஞாயிற்றுக்கிழமை வந்தது, இரண்டு பேர் லீவில் போனபோது சமாளித்தது என்று எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் முக்கால்வாசி வெட்ட வேண்டியவை. அதிக நேரம் உழைத்ததற்குக் கேட்க வேண்டியது ஓவர்டைம் அல்லது போனஸ். பதவி கேட்பதற்கு, அந்தப் பதவிக்குரிய வேலையை ஏற்கெனவே செய்கிறேன் என்று காட்ட வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். இந்த வேலையை முன்பு யார் செய்தார்? இதில் தப்பு நடந்தால் இப்போது யாரைக் கூப்பிடுகிறார்கள்? முதல் கேள்விக்கு ‘சீனியர்’ என்றும் இரண்டாவதற்கு ‘என்னை’ என்றும் பதில் வரும் வரிகள் மட்டும் நிற்கலாம். கவிதாவின் பட்டியலில் அப்படி நின்றவை மூன்று.

அவற்றில் கனமானது ஜி.எஸ்.டி. ‘2பி’ பட்டியலைச் சரிபார்க்கும் வேலை. பொருள் விற்றவர் தன் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் அவருடைய பில் மாதாமாதம் 14ஆம் தேதி வரும் அந்தப் பட்டியலில் ஏறும். ஏறாத பில்லுக்கு வரிக்கழிவு எடுக்க முடியாது. 2 லட்ச ரூபாய் பில்லுக்கு 18 சதவீதம் வரி என்றால், 36,000 ரூபாயை நிறுவனம் அந்த மாதம் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். கவிதா பட்டியலை ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்கு விற்றவர்களைப் போனில் பிடித்து, பில் ஏறும்வரை வரிப் பகுதியை மட்டும் கொடுக்காமல் நிறுத்தி வைக்கிறார். நிறுத்துவதா விடுவதா என்பது அவர் எடுக்கும் முடிவு. பில்களை டேலியில் ஏற்றும் வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இனி கடிதம். மெயில் ஆங்கிலத்தில் போனாலும் அமைப்பு இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். சீனியர் அக்கவுண்டன்ட் பார்த்த மூன்று வேலைகளை ஜூலை முதல் நான் செய்து வருகிறேன். 1. மாதாந்திர 2பி சரிபார்ப்பு, விற்றவர்களிடம் பின்தொடர்தல். 2. மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்குத் தயாரிப்பு, நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்தபின் தாக்கல். 3. புதிதாகச் சேர்ந்த இருவரின் பதிவுகளைத் தினமும் சரிபார்த்தல். அந்தப் பொறுப்பை எனக்கு முறைப்படி தருவது பற்றிப் பேச அரை மணி நேரம் வேண்டும். 22ஆம் தேதிக்குப் பிறகு உங்களுக்கு வசதியான நாளைச் சொல்லுங்கள்.”

இரண்டாவது வரியில் ‘நீங்கள் ஒப்புதல் தந்தபின்’ என்று எழுதியது அடக்கத்துக்காக அல்ல. அதை விட்டுவிட்டு முழுவதும் நானே என்று எழுதினால், உண்மை தெரிந்த மேலாளர் மற்ற இரண்டு வரிகளையும் சந்தேகிப்பார். தேதியிலும் கணக்கு இருக்கிறது. மாதாந்திரத் தாக்கலின் கடைசி நாள் 20. அதற்கு முன் அந்த அறையில் யாருக்கும் காது இருக்காது. மாதம் ஜனவரி என்பதற்கும் காரணம் உண்டு. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும் நிறுவனங்களில் சம்பளத் தொகை பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவாகிவிடும். இன்க்ரிமென்ட் கடிதம் கைக்கு வந்தபின் கேட்டால், பெரும்பாலும் அடுத்த வருடம்தான்.

சம்பளத் தொகை கடிதத்தில் இல்லை. அது நேரில் பேச வேண்டியது. சக ஊழியரின் சம்பளத்தை அங்கேயும் இழுக்கக் கூடாது. இழுத்தால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும்.

பெரும்பாலும் கிடைக்கும் பதில், “பார்க்கலாம்மா.” அதோடு எழுந்துவந்தால் பேச்சு நடந்ததற்கே தடயம் இல்லை. “எந்த வேலையில் இன்னும் நான் தேற வேண்டும் சார், மறுபடி எப்போது பேசலாம்?” என்று கேட்டு, அன்று மாலையே பேசியதை நாலு வரி மெயிலாக அனுப்பிவிட வேண்டும்.

“அந்தப் பதவிக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கிறோம்” என்றும் பதில் வரலாம். அப்போது கேட்க ஒரே கேள்விதான்: “இந்த மூன்று வேலைகளையும் அவரிடம் எந்தத் தேதியில் ஒப்படைக்க வேண்டும் சார்?” தேதி சொன்னால் கவிதாவின் சுமை இறங்குகிறது. தேதி சொல்லத் தயங்கினால், அந்த நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார் என்று மேலாளருக்கே புரிந்துவிடும்.